மூடிய கடையின் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் போகிறதா? டர்பனில் புதிதாகக் கடை வைத்திருப்பவர்களுக்கு

ஊரிலிருந்து தென்னாப்பிரிக்கா வந்து டர்பன் பக்கம் மளிகைக் கடையோ துணிக்கடையோ வைக்கும் நம்மவர்களுக்குக் கடையைத் திறப்பது எப்படி என்று சொல்லித் தர ஆள் இருக்கிறது. மூடுவது எப்படி என்று யாரும் சொல்வதில்லை. சாட்ஸ்வொர்த்தில் பதினொரு வருடம் மளிகைக் கடை நடத்திய ஓர் அண்ணாச்சிக்கு நடந்ததை வைத்து அதைச் சொல்கிறேன். நான் அவருக்குக் கணக்கு வழக்கு பார்த்துக் கொடுப்பவன் என்பதால் தாள்கள் எல்லாம் என் கையில்தான் இருந்தன, அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முழங்கால் வலி தாங்காமல் 2024 மார்ச் கடைசியில் கடையை மூடினார். சரக்கைப் பக்கத்துக் கடைக்காரருக்குக் கொடுத்தார், வாடகைக் கட்டடத்தின் சாவியை ஒப்படைத்தார், பெயர்ப்பலகையைக் கழற்றினார், மகன் வீட்டுக்குப் போய்விட்டார். 2025 மே மாதம் தன்னுடைய சொந்தக் கார்டைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனபோது கவுண்டரில் இருந்த பெண், "உங்கள் பேரில் இன்னொரு கணக்கும் இருக்கிறதே, அதையும் புதுப்பிக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அன்று மாலையே எனக்கு போன். "தம்பி, கடையை மூடி வருஷத்துக்கு மேல ஆச்சு, இவன் யாரு மாசாமாசம் எங்கிட்ட எடுக்குறது?"

எடுத்தது இரண்டு பேர். மாதம் 345 ரேண்ட், கார்டு மெஷின் வாடகை, அதாவது இங்கே எல்லோரும் ஸ்பீட்பாயிண்ட் என்று சொல்கிற அந்தப் பெட்டிக்கு. இன்னொரு 65 ரேண்ட் அந்தக் கணக்கை வைத்திருப்பதற்கு வங்கி எடுக்கும் மாதக் கட்டணம். 14 மாதத்துக்கு மொத்தம் 5,740 ரேண்ட்.

இத்தனை மாதம் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். பணம் எடுத்தால் குறுஞ்செய்தி வரும்தான், ஆனால் அது கடை போனின் எண்ணுக்குப் போனது, அந்த சிம்மை அவர் கடையை மூடிய வாரமே தூக்கிப் போட்டுவிட்டார். கணக்கில் 1,200 ரேண்ட் விட்டிருந்தார். அது மட்டும் இருந்திருந்தால் இரண்டு மாதம் போனதும் மூன்றாம் மாதம் பணம் போதாமல் திரும்பியிருக்கும், அந்த நிறுவனமே தேடிப் பிடித்துக் கேட்டிருக்கும். அதற்குள் மே மாதக் கடைசியில் கட்டடக்காரர் கடை அட்வான்ஸ் 12,500 ரேண்டைப் பழைய கணக்கு எண்ணுக்கே அனுப்பிவிட்டார். அந்தப் பணத்தைத்தான் மாதாமாதம் தின்றுகொண்டிருந்தது. அட்வான்ஸ் வரவேயில்லை என்று கட்டடக்காரர் மேல் அண்ணாச்சிக்கு ஒரு வருடக் கோபம் வேறு.

இப்போது செய்ய வேண்டியதற்கு வருகிறேன். வரிசை முக்கியம். அண்ணாச்சி முதலில் சொன்னது, "நாளைக்கே போய்க் கணக்கை மூடிடுறேன்" என்பது. நான் வேண்டாம் என்று தடுத்தேன். கணக்கை மூடினால் பணம் எடுப்பதுதான் நிற்கும், மெஷின் ஒப்பந்தம் நிற்காது. அந்த நிறுவனத்தின் புத்தகத்தில் உங்கள் பேரில் பாக்கி ஏறிக்கொண்டே போகும், சில மாதம் கழித்து வசூல் ஆட்களிடம் கொடுத்துவிடுவார்கள், கிரெடிட் பீரோவில் பெயர் ஏறிவிடும். நாளைக்கு மகனுக்காக வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடப் போகும்போதுதான் அது தெரியவரும். ஆகவே கணக்கை மூடுவது கடைசி வேலை.

முதல் வேலை ஸ்டேட்மெண்ட் எடுப்பது. போனில் பார்த்தால் சில மாதம்தான் கிடைக்கலாம், கடை மூடிய மாதத்துக்கு மூன்று மாதம் முன்னாலிருந்து இன்றுவரை வேண்டும் என்று கிளையில் கேளுங்கள். பழசு இல்லை என்று சொன்னால் விடாதீர்கள், ஃபைக்கா என்கிற நிதிப் புலனாய்வு மையச் சட்டப்படி வங்கிகள் பணப் பரிமாற்றப் பதிவுகளை 5 வருடம் வைத்திருக்க வேண்டும். கையில் வந்ததும் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு வெளியே போன ஒவ்வொரு வரியையும் தொட்டுப் பாருங்கள். பணத்தை நீங்கள் அனுப்பினீர்களா, வங்கி உங்கள் சொல்படி அனுப்பியதா, வெளியாள் வந்து எடுத்தாரா என்று பிரிக்க வேண்டும். மாதாமாதம் இவருக்கு இவ்வளவு அனுப்பு என்று நீங்கள் வங்கியிடம் சொல்லி வைத்தது ஸ்டாப் ஆர்டர், அதை வங்கியில் சொன்னாலே நிறுத்திவிடுவார்கள். வெளியாள் உங்கள் கையெழுத்தை வைத்துக்கொண்டு தானே வந்து எடுப்பது டெபிட் ஆர்டர். அண்ணாச்சியின் 345 இந்த இரண்டாவது வகை.

டெபிட் ஆர்டர் வரியில் முழுப் பெயர் இருக்காது, சுருக்கிய ஒரு பெயரும் பின்னால் ஒரு நீளமான எண்ணும்தான் இருக்கும். அந்தப் பெயரை அண்ணாச்சிக்கு அடையாளமே தெரியவில்லை. மெஷினை விற்க வந்த பையன் சொன்ன கம்பெனி வேறு, ஸ்டேட்மெண்டில் இருந்தது வேறு. இது சகஜம்தான், மெஷினைக் கொண்டுவந்து வைப்பது ஒருவர், அதற்கு முதல் போட்டு வாடகை வாங்குவது இன்னொருவர். இதை மோசடி என்று நினைத்து வங்கியில் சண்டை போட்டுவிடாதீர்கள். பின்னால் இருக்கும் எண்தான் பெரும்பாலும் உங்கள் ஒப்பந்த எண், அதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எங்கேயும் கையெழுத்தே போடவில்லை, யார் என்றே தெரியவில்லை என்றால் அது வேறு கதை. இந்த நாட்டில் மாதம் 99 ரேண்ட் மாதிரி சின்னத் தொகையாக எடுக்கும் ஏமாற்றுக்காரர்கள் இருந்தார்கள், தொகை சின்னது என்பதால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்ற கணக்கு. அப்படிப்பட்டதை அன்றைக்கே வங்கியில் மறுத்துவிடுங்கள், நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டு இருக்க வேண்டாம்.

அடுத்தது மெஷினையும் ஒப்பந்தத்தையும் தேடுவது. மெஷின் அண்ணாச்சி வீட்டிலேயே இருந்தது, படிக்கட்டுக்கு அடியில் பழைய பிஸ்கட் டின் ஒன்றில், கடைசியாக அடித்த ரசீது வாயிலேயே பாதி நீட்டிக்கொண்டு. அந்தத் துண்டுக் காகிதத்தைக் கிழிக்காமல் எடுத்தேன். 2024 மார்ச் 30 என்று தேதி மங்கலாகத் தெரிந்தது, இந்த மாதிரி ரசீது மை வெயிலில் மறைந்துவிடும் என்பதால் உடனே படம் எடுத்துக்கொண்டேன். அன்றைக்குப் பிறகு இந்த மெஷினில் ஒரு ரேண்ட்கூட ஓடவில்லை என்பதற்கு அதுதான் கையில் இருந்த சாட்சி. மெஷினைத் திருப்பிப் போட்டால் பின்பக்கத்திலோ பேட்டரி மூடிக்கு உள்ளேயோ ஒரு வரிசை எண் ஒட்டியிருக்கும், அதையும் படம் எடுங்கள். சார்ஜர் மட்டும் கிடைக்கவில்லை, சரக்கோடு சேர்ந்து போய்விட்டது.

ஒப்பந்தம் அவரிடம் இல்லை, ஒப்பந்த எண்ணைச் சொல்லி மின்னஞ்சலில் கேட்டு வாங்கினோம். அதில் பார்க்க வேண்டியது ஆரம்பத் தேதி, எத்தனை மாதம், முடிந்த பிறகு என்ன ஆகும் என்று சொல்லும் பத்தி. 2022 அக்டோபரிலிருந்து 24 மாதம், அதன் பிறகு மாதத்துக்கு மாதம் தானாகத் தொடரும், நிறுத்த வேண்டுமானால் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. "நான்தான் ரிப்பேருக்கு வந்த பையன்கிட்டயே சொன்னேனே, கடை மூடப்போறேன்னு!" என்றார் அண்ணாச்சி. சொல்லியிருக்கிறார், பொய் இல்லை. ஆனால் வாயால் சொன்னது எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. நம்மூரில் தெரிந்த ஆளிடம் ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது என்று பழகிவிட்டோம், இங்கே அந்தப் பழக்கம்தான் காசைக் கரைக்கிறது.

இங்கே உங்களுக்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 14ஆம் பிரிவு. கால வரையறை உள்ள ஒப்பந்தத்தை இடையிலேயே முறிக்க நுகர்வோருக்கு உரிமை உண்டு, 20 வேலை நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்தால் போதும், நிறுவனம் நியாயமான ஒரு முறிவுக் கட்டணம் கேட்கலாம். ஒப்பந்தம் முடியப்போகிறது என்றால் முடிவதற்கு 40 முதல் 80 வேலை நாளுக்குள் நிறுவனம் உங்களுக்கு எழுத்தில் தெரிவித்திருக்கவும் வேண்டும். ஆனால் இரண்டு பக்கமும் நிறுவனங்களாக இருந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது. தன் பெயரிலேயே தனி ஆளாகக் கடை நடத்தியவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. கம்பெனி பதிந்திருந்தால் கிடையாது, அண்ணன் தம்பி இருவர் பங்காளிகளாக நடத்தினாலும் அந்தச் சட்டத்தின் கண்ணில் அது தனி ஆள் அல்ல. ஒப்பந்தத்தில் யார் பெயர் போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அண்ணாச்சி தன் சொந்தப் பெயரில் நடத்தியதால் பிழைத்தார்.

பிறகு கடிதம். மின்னஞ்சலே போதும், நீளமாக எழுத வேண்டாம். ஒப்பந்த எண், மெஷினின் வரிசை எண், கடை மூடிய தேதி, இன்றிலிருந்து 20 வேலை நாளில் ஒப்பந்தம் முடிகிறது என்ற வரி, அந்தத் தேதிக்குப் பிறகு டெபிட் ஆர்டருக்கு நான் கொடுத்த அனுமதியையும் திரும்பப் பெறுகிறேன் என்ற வரி. கடைசி வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தத்தை முறிப்பதும் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவதும் இரண்டு தனித்தனி விஷயம், இரண்டையும் சொல்லுங்கள். கிடைத்தது என்று பதில் வரும்வரை விடாதீர்கள்.

நாளை எண்ணுவதில் கவனம். மே 20 அன்று கடிதம் அனுப்பினோம். சனி ஞாயிறு சேராது, அரசு விடுமுறையும் சேராது. ஜூன் 16 திங்கட்கிழமை இளைஞர் தினம், அதைக் கழித்தால் இருபதாவது நாள் ஜூன் 18. ஜூன் 2 அன்று இன்னொரு 345 போனது. அண்ணாச்சி பொங்கினார், ஆனால் அது முன்னறிவிப்புக் காலத்துக்குள் வருவதால் அவர்களுக்குச் சேர வேண்டியதுதான் என்று சொல்லி விட்டுவிடச் சொன்னேன். சரியான பணத்தை மறுத்து மாட்டிக்கொண்டால் மற்ற மாதங்களுக்கு நாம் கேட்கும் நியாயமும் பலவீனமாகிவிடும்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது யார் வந்து வாங்கினாலும் வரிசை எண் எழுதிய ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். கொரியர் பையன் அவசரப்படுவான், அவன் நிற்கட்டும். ஒரு வெள்ளைத்தாளில் எண், தேதி எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினாலும் போதும். மெஷின் வந்து சேரவில்லை என்று சொல்லி வாடகையைத் தொடர்வதும், மெஷினுக்கே விலை கேட்பதும் நடந்திருக்கிறது.

போன பணத்தைத் திரும்பக் கேட்பது தனி வேலை. இதில் எவ்வளவு கேட்கலாம் என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஆறு மாதம் ஒப்பந்தம் உயிரோடு இருந்தது, மெஷின் நம்மிடம் இருந்தது, நாம் எழுத்தில் எதுவும் சொல்லவில்லை, அந்த 2,070 ரேண்டைக் கேட்க நமக்கு முகம் இல்லை. அக்டோபரிலிருந்து மே வரை எட்டு மாதம், 2,760 ரேண்ட், இதைக் கேட்கலாம் என்று நினைத்தேன். ஒப்பந்தம் முடிவதற்கு முன்னால் அவர்கள் அனுப்ப வேண்டிய அறிவிப்பை அனுப்பினீர்களா, எந்தத் தேதி, எந்த முகவரிக்கு, நகல் கொடுங்கள் என்று கேட்டோம். மார்ச் 30 ரசீதின் படத்தையும் சேர்த்தோம். அறிவிப்பு போகவில்லை என்றால் பணம் தானாகத் திரும்ப வரும் என்று சட்டம் சொல்லவில்லை, அது பேசுவதற்கான பிடி மட்டும்தான். முதலில் மூன்று மாதம் தருகிறோம் என்றார்கள். அறிவிப்பின் நகலை அவர்களால் காட்ட முடியவில்லை, நாங்கள் மறுபடி அதே கேள்வியையே எழுதினோம், மூன்றாவது கடிதத்தில் எட்டு மாதத்துக்கும் சம்மதித்தார்கள். காணாமல் போன சார்ஜருக்கு 450 பிடித்துக்கொண்டு 2,310 ரேண்ட் வந்தது. சார்ஜரைத் தேடி எடுத்து வைத்திருந்தால் அதுவும் மிஞ்சியிருக்கும். இந்த மாதிரிப் பாக்கியைக் கேட்க பொதுவாக மூன்று வருடம்தான் காலம், அதன் பிறகு காலாவதி என்று தள்ளிவிடலாம், ஆகையால் தெரிந்த அன்றே ஆரம்பியுங்கள்.

நிறுவனம் பதிலே சொல்லாவிட்டால், புகாரை நடுநிலையாக விசாரிக்கும் நுகர்வோர் பொருள் சேவை ஆம்பட் அலுவலகத்தில் முறையிடலாம். குறை வங்கியின் மேல் என்றால் முதலில் வங்கியிலேயே எழுத்தில் புகார் கொடுத்து, அது சரிவராவிட்டால் தேசிய நிதி ஆம்பட் அமைப்புக்குப் போகலாம், வங்கிக்கும் காப்பீட்டுக்கும் தனித்தனியாக இருந்த அலுவலகங்களைச் சேர்த்து 2024 மார்ச் 1 முதல் இயங்குவது அது. இரண்டுக்கும் முறையிடுபவரிடம் காசு வாங்குவதில்லை.

கடிதம், ரசீது எல்லாம் முடிந்தது, இனி வராது என்று இருந்தோம். ஜூலை 2 அன்று மறுபடி 345 போனது. இங்கேதான் வங்கியில் மறுக்கும் உரிமையைப் பயன்படுத்த வேண்டும். சாதாரண டெபிட் ஆர்டர் என்றால் பணம் போன நாளிலிருந்து 40 நாளுக்குள் நான் அனுமதியைத் திரும்பப் பெற்றுவிட்டேன் என்று சொல்லி மறுத்தால் பணத்தை உடனே திருப்பிக் கணக்கில் போடுவார்கள். 40 நாள் தாண்டினால் வங்கி அந்த நிறுவனத்திடம் அனுமதித் தாளைக் கேட்டு, பார்த்து, பிறகுதான் முடிவு சொல்லும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பழைய பதினான்கு மாதமும் அனுமதியைத் திரும்பப் பெறுவதற்கு முன்னால் போனவை, அவற்றை இந்த வழியில் வாங்க முடியாது, அதனால்தான் நிறுவனத்திடமே கேட்க வேண்டியிருந்தது. அண்ணாச்சி ஜூலை 3 அன்றே கடித நகலோடு கிளைக்குப் போய் மறுத்தார், பணம் திரும்பி வந்தது. கூடவே இனி இந்தப் பெயருக்குப் பணம் கொடுக்காதே என்று நிறுத்தவும் சொன்னார். இந்தத் தடை சில சமயம் தொகையையும் பெயரையும் வைத்துத்தான் பிடிக்கும், தொகை சில ரேண்ட் மாறி வந்தால் நழுவிவிடலாம். அடுத்த மாதமும் ஸ்டேட்மெண்டைப் பாருங்கள்.

புதிய ஒப்பந்தம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டெபிசெக் என்று ஒரு வகை டெபிட் ஆர்டர் இருக்கிறது, அதில் முதன்முதலில் பணம் எடுப்பதற்கு முன்னால் உங்கள் போனுக்குக் கேள்வி வரும், நீங்கள் சரி என்று அழுத்த வேண்டும். நீங்கள் ஒத்துக்கொண்ட தொகைக்குள் அவர்கள் எடுத்தால் அதை வங்கியில் மறுக்க முடியாது, நிறுவனத்திடம் பேசித்தான் நிறுத்த வேண்டும். கடையில் கூட்டமாக இருக்கிறது என்று பார்க்காமல் அழுத்திவிடுகிறோம். தொகை, அதிகபட்சம், எந்த நாள் என்று மூன்றையும் படித்துவிட்டு அழுத்துங்கள், திரையை ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

ஆகஸ்டில் எதுவும் போகவில்லை என்று பார்த்த பிறகுதான் கணக்கை மூடப் போனோம். அடையாள ஆவணம், முகவரிச் சான்று இரண்டையும் கொண்டுபோங்கள். மீதிப் பணத்தை முதலில் சொந்தக் கணக்குக்கு மாற்ற வேண்டும், அன்றைய தேதி வரையான மாதக் கட்டணத்தை எடுத்துவிட்டுத்தான் மூடுவார்கள். வங்கியின் 65 ரேண்ட் மட்டும் திரும்ப வரவில்லை, கணக்கு திறந்து இருந்தது, நாம்தான் மூடச் சொல்லவில்லை. பணத்தை எடுத்துவிட்டுப் பூஜ்யத்தில் விட்டுவிட்டுப் போகலாமே என்று சிலர் செய்கிறார்கள், செய்யாதீர்கள், மாதக் கட்டணம் கழித்துக்கொண்டே போய்க் கணக்கு மைனசில் இறங்கி அதுவே கடனாகிவிடும்.

அதோடு கட்டடக்காரர், நகராட்சி என்று உங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்களுக்கெல்லாம் புதுக் கணக்கு எண்ணை மூடுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். வரி அலுவலகத்தில் பழைய எண் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கணக்கு மூடப்பட்டது என்று வங்கியின் முத்திரையோடு ஒரு கடிதம் கேட்டு வாங்கினோம், கேட்டால்தான் தருவார்கள். அதை மெஷின் ரசீதோடும் மே 20 கடிதத்தோடும் சேர்த்து அதே பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார் அண்ணாச்சி. வெளியே வந்ததும் அவர் செய்த முதல் காரியம் கட்டடக்காரருக்கு போன் போட்டது. "அட்வான்ஸ் வந்துடுச்சு அய்யா, அப்பவே வந்துடுச்சு, நான்தான் பாக்கல."